வீடும் இருவர் பெயரில், கடனும் இருவர் பெயரில்: விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

வாசகர் கேள்வி

வணக்கம் மேடம். எனக்கு 36 வயது. பிறந்தது பொள்ளாச்சி பக்கம். 2014-ல் கோயிலில் கல்யாணமாகி பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். ஒன்பது வயதில் ஒரு மகள். கோயம்புத்தூரில் தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, கையில் வரும் சம்பளம் 38,000 ரூபாய்.

2017-ல் இருவர் பெயரிலும் 6 சென்ட் இடத்தோடு ஒரு வீட்டை 42 லட்சத்துக்கு வாங்கினோம். கையிலிருந்து போட்டது 10 லட்சம். அதில் என் நகை 14 பவுன் விற்ற 3 லட்சமும் அப்பா தந்த 3 லட்சமும் என் பக்கத்துப் பணம். மீதி 4 லட்சம் அவருடையது. பேங்க் லோன் 32 லட்சம், 20 வருடத்துக்கு. இருவருமே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மாதத் தவணை 27,770 அவர் கணக்கில் இருந்துதான் போகிறது. முதல் ஐந்து வருடம் மாதம் 12,000 அவருக்கு அனுப்பினேன். அப்புறம் "நீ வீட்டுச் செலவையும் ஸ்கூல் ஃபீஸையும் பாத்துக்கோ, லோனை நான் பாத்துக்கறேன்" என்றார். எட்டு வருடத் தவணை முடிந்திருக்கிறது, இன்னும் 25 லட்சம் பாக்கி. வீடு இன்றைக்கு 65 லட்சம் போகும் என்கிறார்கள்.

பத்து மாதமாக மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். அவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார். "லோன் கூடுதலா கிடைக்கணும்னுதான் உன் பேரைச் சேர்த்தேன். உங்க அப்பா வீட்டுல இருந்து வந்த 6 லட்சத்தைத் தந்துடறேன். விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடு, மியூச்சுவல் டைவர்ஸ் வாங்கிக்கலாம், லோனை நானே கட்டிக்கறேன்" என்கிறார். சொந்தக்காரர்களோ, விவாகரத்து என்றால் மாமனாரின் தென்னந்தோப்பு உட்பட எல்லாவற்றிலும் பாதி எனக்கு வரும் என்கிறார்கள். வீட்டை விட்டு வந்துவிட்டதால் என் உரிமை போய்விட்டதா? என் மீதி நகை 20 பவுன் மாமியார் லாக்கரில் இருக்கிறது. 14 பவுனையும் சேர்த்துக் கேட்கலாமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எனக்கு எழுதும் முன் நீங்கள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் இன்னும் எல்லாமே சரி செய்யக்கூடிய நிலையில் இருக்கிறது. அவர் சொல்லும் வரிசையில் போனால் வீடு உங்கள் கையை விட்டுப் போய்விடும், கடன் மட்டும் உங்கள் பெயரில் நிற்கும். அது எப்படி என்று பார்ப்போம்.

வீட்டை விட்டு வந்ததால் உரிமை போகவில்லை. வீட்டு ஆதாரத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், உங்கள் பெயர் இருக்கும் வரை நீங்கள் அந்த வீட்டின் உரிமையாளர்தான், எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி. கூட்டுச் சொத்தில் ஒருவர் மட்டும் குடியிருந்தால், அவர் மற்றவருக்காகவும் சேர்த்தே அனுபவிக்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பூட்டை மாற்றி உங்களை உள்ளே விடாமல் செய்யவும் அவருக்கு உரிமையில்லை. அப்படி ஏதாவது நடந்தால், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைக் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம்.

சொந்தக்காரர்கள் சொல்லும் "எல்லாத்துலயும் பாதி" என்பது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. கணவனும் மனைவியும் சேர்த்த சொத்தை விவாகரத்தின்போது தானாகவே சரிபாதியாகப் பிரிக்கும் முறை சில வெளிநாடுகளில் உண்டு, இங்கே கிடையாது. இங்கே யார் பெயரில் ஆவணம் இருக்கிறது, யார் பணம் போட்டார்கள் என்பதை வைத்துத்தான் சொத்து பிரியும். இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி மட்டும் முடிவு செய்யும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்குத் தருகிறது. கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து நீங்கள் வாங்கிய வீடு அதில் வராது. மாமனார் பெயரில் உள்ள தோப்பு, அவர் உயிரோடு இருக்கும்போது உங்கள் கணவருக்கே சொந்தமில்லாதது. அதில் உங்களுக்குப் பங்கு எப்படி வரும்? அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பேச்சுவார்த்தையில் அந்தத் தோப்பை இழுத்தால், நியாயமாக வர வேண்டிய வீட்டுப் பங்குக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

உங்கள் பங்கு எவ்வளவு?

வீட்டு ஆதாரத்தின் நகலை எடுத்து, வாங்குபவர்கள் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "சம பங்கு" என்றோ வேறு விகிதமோ இருந்தால் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கும். ஒன்றும் சொல்லாமல் இரண்டு பெயர் மட்டும் இருந்தால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு வரும். அவரவர் தனிப்பணத்தைப் போட்டு வாங்கியிருந்தால், போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட முடியாவிட்டால் சம பங்கு.

இங்கேதான் உங்கள் கணவர் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார். தவணை தன் கணக்கிலிருந்து போவதால் வீடு தன்னுடையது என்று நினைக்கிறார். ஆனால் வீட்டின் விலையான 42 லட்சம் விற்றவர் கைக்கு 2017-லேயே போய்விட்டது. அதில் 32 லட்சம் இருவரும் சேர்ந்து வாங்கிய கடன். "லோன் கூடுதலா கிடைக்கணும்னுதான் உன் பேரைச் சேர்த்தேன்" என்று அவரே சொல்கிறாரே, அது உங்களுக்கு ஆதரவான பேச்சு. உங்கள் சம்பளத்தையும் பார்த்துத்தான் வங்கி அந்தத் தொகையைக் கொடுத்தது, திருப்பிக் கட்டும் பொறுப்பை உங்கள் மேலும் வைத்தது. எனவே கடனில் ஆளுக்கு 16 லட்சம் என்பதுதான் என் வாதமாக இருக்கும். அதோடு உங்கள் 6 லட்சத்தைச் சேர்த்தால் 22 லட்சம். அவருடைய 4 லட்சத்தைச் சேர்த்தால் 20 லட்சம்.

இதை இன்றைய விலைக்குக் கொண்டு வருவோம். சம பங்கு என்றால் 65 லட்சத்தில் பாதி 32.5 லட்சம், அதில் பாக்கிக் கடனில் உங்கள் பாதி 12.5 லட்சத்தைக் கழித்தால் உங்களுக்கு 20 லட்சம். போட்ட பண விகிதப்படி பார்த்தால் 65 லட்சத்தில் 42-க்கு 22 பங்கு, அதாவது ஏறக்குறைய 34 லட்சம். அதே 12.5-ஐக் கழித்தால் 21.5 லட்சம் வரும்.

அவர் பக்கத்திலும் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கடனை இருவரும் சமமாகக் கட்ட வேண்டும் என்றிருக்கும்போது ஒருவர் கூடுதலாகக் கட்டியிருந்தால், அந்தக் கூடுதலை மற்றவரிடம் கேட்கலாம். எட்டு வருடத்தில் 96 தவணை, மொத்தம் சுமார் 26.66 லட்சம். உங்கள் பாதி 13.33 லட்சம். நீங்கள் அனுப்பியது மாதம் 12,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 7.2 லட்சம். குறைவது 6.13 லட்சம். இந்தக் குறையைப் பிரித்துப் பார்த்தால், முதல் ஐந்து வருடத்தில் வெறும் 1.13 லட்சம்தான் வருகிறது. மீதி 5 லட்சமும் கடைசி மூன்று வருடத்துக்கானது. அந்த மூன்று வருடமும் அவர் சொன்னபடி நீங்கள் மளிகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டினீர்கள். குடும்பச் செலவை ஒருவர் ஏற்று, கடனை இன்னொருவர் ஏற்றால் அது ஒரு ஏற்பாடு. அதை மறைத்துவிட்டு ஒரு பக்கக் கணக்கை மட்டும் காட்ட முடியாது.

அப்படியானால் உங்கள் வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது? ஸ்கூல் ஃபீஸ் ரசீது, மளிகைக் கடைக்கு ஜிபே போட்ட பட்டியல், "லோனை நான் பாத்துக்கறேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அந்தச் செய்தி. இவற்றில் இருக்கிறது. அவர் வாதம் முழுதாக எடுபட்டால்கூட உங்கள் பங்கு 13.8 லட்சத்துக்குக் கீழே போகாது. உங்கள் வாதம் எடுபட்டால் 20, 21 லட்சம் வரை போகும். அவர் தருவதாகச் சொல்லும் 6 லட்சம், எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட பணத்தை வட்டிகூட இல்லாமல் திருப்பித் தருவது. வீட்டின் விலை ஏறியதில் உங்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை என்று அர்த்தம்.

65 லட்சம் என்ற விலை ஊரார் வாய்ச்சொல். வங்கிகள் பயன்படுத்தும் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் இருவரும் சேர்ந்து ஒரு அறிக்கை வாங்குங்கள். அறுபதோ எழுபதோ, எந்த எண் வந்தாலும் மேலே சொன்ன கணக்கில் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டை எழுதிக் கொடுத்தாலும் கடன் உங்களை விடாது

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த இடத்துக்கு வருகிறேன். விடுதலைப் பத்திரம், நம் பகுதி ஆதாரம் எழுத்தர்கள் ஒழிமுறி என்று சொல்வது, உங்களுக்கும் கணவருக்கும் இடையிலான ஆவணம். அது பதிவானதும் வீட்டில் உங்கள் உரிமை முடிந்துவிடும். ஆனால் கடன் ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் வங்கிக்கும் இடையிலானது. வங்கியைப் பொறுத்தவரை முழுக் கடனுக்கும் நீங்களும் பொறுப்பு, அவரும் பொறுப்பு. யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "கடனை கணவர் கட்டுவார்" என்று நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினாலும், விவாகரத்துத் தீர்ப்பிலேயே எழுதினாலும், அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை.

நடைமுறையில் இது எப்படி வந்து முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒழிமுறியில் கையெழுத்துப் போட்டு 6 லட்சம் வாங்கிக்கொள்கிறீர்கள். ஒரு வருடம் கழித்து அவர் தவணையை நிறுத்துகிறார். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். வங்கி 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அந்த நோட்டீஸில் உங்கள் பெயரும் இருக்கும். முதல் தவணை தவறிய மாதத்திலிருந்தே உங்கள் சிபில் மதிப்பெண் இறங்கும். மகளின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனால், எந்த வங்கியிலும் இந்த 25 லட்சம் உங்கள் கணக்கில் தெரியும். அவர் ஒழுங்காகக் கட்டினாலும் அது உங்கள் கடனாகத்தான் தெரியும், உங்களுக்கென்று ஒரு சின்ன வீடு வாங்கக் கடன் கிடைக்காது. இன்னொன்று, சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வீடு அவருடைய வாரிசுகளுக்குப் போகும், பாக்கித் தவணைக்கு வங்கி உங்களைத் தேடி வரும்.

ஆகவே நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான்: முதலில் கடனிலிருந்து உங்கள் பெயர் விலக வேண்டும், அல்லது அதே நாளில் அதே மேசையில் விலக வேண்டும். அதன் பிறகுதான் ஒழிமுறி.

வீட்டை அவர் வைத்துக்கொள்வதாக இருந்தால், அவர் தன் ஒருவர் வருமானத்தை மட்டும் காட்டிப் புதுக் கடன் வாங்க வேண்டும். இருக்கிற வங்கியே உங்கள் பெயரை நீக்கிவிட்டு அவரை மட்டும் கடனாளியாக ஏற்கலாம், அல்லது இன்னொரு வங்கி பழைய கடனைத் தீர்த்துத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டித் தீர்ப்பதற்கு அபராதம் கிடையாது. பழைய பாக்கி 25 லட்சம், உங்களுக்குத் தர வேண்டியது உதாரணத்துக்கு 17 லட்சம் என்றால் 42 லட்சம் தேவை. இது முழுவதையும் கடனாகவே வாங்கினால், எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 36,450 தவணை வரும். பொதுவாகக் கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணை போவதை வங்கிகள் விரும்புவதில்லை. அவருடைய சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எழுபத்து மூவாயிரத்துக்கு மேல் இருந்தால் இது நடக்கக்கூடிய வழி. இல்லையென்றால் அவர் குடும்பத்திலிருந்து ஒரு பகுதிப் பணம் வர வேண்டும்.

வீட்டை நீங்கள் வைத்துக்கொள்வது உங்கள் சம்பளத்துக்குக் கடினம். 25 லட்சத்தை மட்டும் உங்கள் பெயரில் 15 வருடத்துக்கு மாற்றினாலே தவணை 24,600-ஐத் தாண்டும். அவருடைய பங்குக்குப் பணமும் தனியாகக் கொடுக்க வேண்டும். மகள் வளர்ந்த வீடு என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 38,000-இல் அந்தச் சுமையை ஏற்கச் சொல்ல என்னால் முடியாது.

அவருக்கும் புதுக் கடன் கிடைக்காவிட்டால், விற்பதுதான் சுத்தமான வழி. வாங்குபவர் தரும் பணத்தில் முதலில் கடனுக்கு நேராக வங்கிக்கு ஒரு டிடி, பிறகு உங்கள் பெயரில் ஒன்று, அவர் பெயரில் ஒன்று. எல்லாப் பணமும் அவர் கணக்குக்குப் போய் "அப்புறம் பிரிச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆதாரங்களை வங்கி திருப்பித் தந்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். விற்பனை லாபத்தில் உங்கள் பங்குக்கு வருமான வரி வரலாம், ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டுக்கும் அவர் சம்மதிக்காவிட்டால் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்கலாம். கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கு என்பதால் அதுவும் அங்கேயேதான் நடக்கும். 6 சென்ட்டில் உள்ள ஒரு வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் விற்று பணத்தைப் பிரிக்கவோ, ஒருவர் பங்கை மற்றவர் விலைக்கு எடுக்கவோதான் கடைசியில் வழி வரும். பல வருடம் போராடி அதே இடத்துக்கு வந்து சேர்வதைவிட, இப்போதே பேசி முடிப்பது இருவருக்கும் நல்லது. பேச்சு முறிந்தால் இந்த வழி இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எந்த நாளில் கையெழுத்து?

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு, மனு போடும்போது ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதை வங்கி வேலைக்குப் பயன்படுத்துங்கள். முதல் மனு போட்ட பிறகு ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை கோர்ட்டில் சம்மதம் சொல்ல வேண்டும். தகுதியான வழக்குகளில் இந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வரும் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இதனால்தான் இரு பக்கமும் பயம். முதலில் கையெழுத்துப் போட்டால் பணம் வராது என்று உங்களுக்கு, முதலில் பணம் தந்தால் விவாகரத்து வராது என்று அவருக்கு.

இதற்கு வழி உண்டு. ஒப்பந்தத்தை மனுவோடு சேர்த்து கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். அதில் வீட்டின் சர்வே எண், பத்திர எண், கடன் கணக்கு எண், தொகை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஒரு பகுதிப் பணம் முதல் மனுவின்போது, மீதி இரண்டாவது முறை ஆஜராகும் முன் என்று வையுங்கள். அந்த இடைவெளியில் அவருடைய புதுக் கடன் அனுமதியாகி, பழைய கடன் தீர்ந்து, வங்கியிடமிருந்து நீங்கள் இனிக் கடனாளி இல்லை என்ற கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். அந்தக் கடிதமும் மீதிப் பணத்தின் டிடியும் கைக்கு வந்த நாளில், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஒழிமுறியில் கையெழுத்து. அதற்கு அடுத்து கோர்ட்டில் இரண்டாவது சம்மதம்.

ஒழிமுறியைத் தீர்ப்புக்கு முன்பே பதியச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, இது அவருக்கு லாபம். கேரளத்தில் கணவன் மனைவி போன்ற குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் மிகக் குறைவு. விவாகரத்து ஆகிவிட்டால் நீங்கள் அவருடைய குடும்ப உறுப்பினர் இல்லை. பிறகு விற்பனைப் பத்திரமாக எழுத வேண்டி வந்தால் முத்திரை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். உங்கள் பாதிக்கு 32.5 லட்சம் என்று வைத்தால் மூன்றேகால் லட்சம் வீணாகப் போகும். அவர் வரிசைக்கு ஒத்துக்கொள்ள இதைச் சொல்லியே பேசலாம். அந்த நேரத்தில் உள்ள கட்டணத்தை ஆதாரம் எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு, அதாவது பெயர் மாற்றம், செய்து நில வரி கட்டுவதை அவர் பெயருக்கு மாற்றுவது அவர் வேலை.

இந்த ஆவணங்கள் மலையாளத்தில்தான் இருக்கும். கொழிஞ்சாம்பாறை, சிற்றூர் பக்கம் பலருக்குப் பேச வரும், படிக்க வராது. எழுத்தர் வாயால் சொல்லும் சுருக்கத்தை நம்பாமல், வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "எல்லா உரிமைகளையும், ஜீவனாம்சத்தையும், நகையையும் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி உள்ளே நுழைந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கான பத்திரத்தில் நகைக்கு என்ன வேலை? அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

நகை, ஜீவனாம்சம், மகள்

மாமியார் லாக்கரில் உள்ள 20 பவுன் உங்கள் சீதனம், உங்களுக்கு மட்டும் சொந்தம். அது கணவன் மனைவியின் கூட்டுச் சொத்தாக ஆகாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதியாகச் சொல்லி, 89 பவுன் நகை பறிபோன மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. கல்யாண ஆல்பம், நகைக்கடை பில், அப்பாவின் வங்கிக் கணக்கு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். நகையாகவே திரும்பக் கேளுங்கள்.

விற்ற 14 பவுன் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அது நீங்கள் சம்மதித்து வீட்டுக்குப் போட்ட பணம். வீட்டுப் பங்கில் 6 லட்சத்தில் அது ஏற்கனவே சேர்ந்துவிட்டது. நகையாகவும் ஒருமுறை கேட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை கேட்பதாகும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். இன்றைய பவுன் விலையைப் பார்த்து மனம் அடித்துக்கொள்ளும், தெரியும். ஆனால் அந்தப் பொன்தான் வீட்டில் உங்கள் பங்கைப் பாதிக்கு மேல் கொண்டு போகிறது.

ஜீவனாம்சம் முற்றிலும் வேறு கணக்கு. வீட்டுப் பங்கு உங்கள் சொத்து, யாரும் உங்களுக்குக் கொடுக்கும் தொகை இல்லை. "மொத்தமா 15 லட்சம், எல்லாம் சேர்த்து" என்று ஒரே எண்ணாகப் பேச வருவார்கள். அப்படி வந்தால் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்: வீட்டுப் பங்குக்கு இவ்வளவு, நிரந்தர ஜீவனாம்சம் வேண்டுமா வேண்டாமா, மகளுக்கு மாதம் இவ்வளவு. உங்களுக்குச் சம்பளம் இருப்பதால் ஜீவனாம்சம் பெரிய தொகையாக வராமல் போகலாம், வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மகளின் செலவை விட்டுக்கொடுக்க உங்களால் முடியாது. அது அவளுடைய உரிமை. நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் பிறகு அவள் சார்பில் கோர்ட்டில் கேட்கலாம்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, கடன் கொடுத்த கிளைக்கு நேராகப் போவது. கூட்டுக் கடனாளி என்ற முறையில் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மெண்டும், கடன் ஒப்பந்தத்தின் நகலும், வங்கியில் இருக்கும் ஆவணங்களின் பட்டியலும் எழுத்தில் கேளுங்கள். கணவர் சம்மதம் தேவையில்லை. உங்களைக் கேட்காமல் கூடுதல் கடன் எதுவும் இதன்மேல் ஏறியிருக்கிறதா என்று அந்த ஸ்டேட்மெண்டில் பாருங்கள். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் குடிக்கடச் சான்று, அதாவது வில்லங்கச் சான்று, ஒன்றும் போடுங்கள். அம்மா வீட்டு முகவரிக்கும் உங்கள் இப்போதைய போன் எண்ணுக்கும் தவணைத் தகவல் வரும்படி வங்கியில் மாற்றிவிடுங்கள், ஒரு தவணை தவறினாலும் உடனே தெரியும்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது. சிற்றூர் தாலுக்கா சட்டப் பணிகள் குழுவிலோ பாலக்காட்டில் உள்ள மாவட்ட அலுவலகத்திலோ ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். கணவர் தந்த பத்திரத்தின் வரைவு உங்களிடம் இருந்தால், போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.